வெனிலா காய் ஊறும் பாட்டில்: எப்போது எடுக்கலாம்?

தக்கலை, வீட்டில் கேக் செய்து விற்பவர்: அக்கா, ஆகஸ்டில் ஒரு ஃபுல் பாட்டில் வோட்காவில் 5 வெனிலா காய் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. நிறம் வந்துவிட்டது, ஆனால் மூடியைத் திறந்தால் சாராய வாடைதான் அடிக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்குக்குள் தயாராகுமா?

இப்படியே விட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் தயாராகாது. நாள் போதாமல் இல்லை, காய்தான் போதவில்லை. பதப்படுத்திய காய் ஒன்று சுமார் 3 கிராம் இருக்கும். 5 காய் என்றால் 15 கிராம். லிட்டருக்கு 100 கிராம் காய் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் கடையில் விற்கும் எக்ஸ்ட்ராக்டுக்கே ஏறக்குறைய இந்த அளவைச் சட்டமாக வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் 750 மில்லிக்கு 75 கிராம் வேண்டும். நீங்கள் போட்டது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

இன்னும் 20 காய் வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். அதனால் காயைக் கூட்டாமல் வோட்காவைக் குறையுங்கள். சின்ன கண்ணாடி பாட்டிலில் 150 மில்லி மட்டும் எடுத்து, ஐந்து காயையும் விரல் நுனி அகலத்துக்கு நறுக்கி அதில் போடுங்கள். காயில் இருந்த சாரத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே பெரிய பாட்டிலுக்குப் போய்விட்டது. முடிந்தால் புதிதாக 2 காய் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி 600 மில்லியைக் கொட்ட வேண்டாம், பிளம் கேக்குக்கு உலர்பழம் ஊறவைக்க நன்றாக இருக்கும். இப்போது மாற்றி வைத்தால் டிசம்பர் கேக்குக்குக் கைகொடுக்கும், கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கும். நல்ல பக்குவம் வர அடுத்த ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும்.

அதே தக்கலை அக்கா மறுபடியும்: நறுக்கினால் சீக்கிரம் இறங்கும் என்கிறீர்கள். அப்புறம் எதற்கு ஒரு வருடம்?

எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. வெனிலின் என்ற முக்கியமான மணப்பொருள் நறுக்கிய காயிலிருந்து சில வாரங்களிலேயே பெரும்பாலும் வந்துவிடும். நிறமும் அப்போதே வந்துவிடுவதால் ஆள் ஏமாந்துபோகிறோம். பிசின் போன்ற கனமான பொருட்கள் மெதுவாகத்தான் வரும். நாக்கில் நிற்கும் அந்த அடர்த்தி அவற்றால் வருவது. சாராயத்தின் காரம் அடங்கவும் நாளாகும். என் கணக்கில் 2 மாதத்தில் ருசி பார்க்கலாம், 6 மாதத்தில் கேக்கில் போடலாம், ஒரு வருடம் ஆனால் பாயசத்திலும் ஐஸ்கிரீமிலும் தைரியமாக ஊற்றலாம். சூட்டில் வேகாத பண்டத்தில் குறை பளிச்சென்று தெரியும்.

பாட்டில் வாயில் மூக்கை வைத்துச் சோதிக்காதீர்கள். அங்கே எப்போதும் சாராயம்தான் முதலில் வரும். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரை போட்டு அரை டீஸ்பூன் விட்டுக் குடித்துப் பாருங்கள். விழுங்கிய பிறகு தொண்டையில் வெனிலா நின்றால் ஆகிவிட்டது. காரம் மட்டும் நின்றால் மூடி வையுங்கள்.

குலசேகரம், ரப்பர் தோட்டக்காரர்: விலை ஏறின காலத்தில் அப்பா வைத்த கொடி இரண்டு இன்னும் கிடக்கிறது. இந்த வருஷம் பூவுக்கு நானே கையால் மகரந்தம் சேர்த்துவிட்டேன், காயும் பிடித்தது. பச்சைக் காயைப் பறித்து நேராக ரம்மில் போட்டேன். ஐந்து மாதமாகியும் புல் வாசம்தான்.

அண்ணா, எத்தனை வருஷம் போனாலும் அது அப்படியேதான் இருக்கும். பச்சைக் காயில் மணம் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி காய்க்குள்ளேயே இருக்கிறது. சாராயத்தில் போட்டதும் அந்த நொதி செயலிழந்துவிடும். மணம் வரவேண்டியது பாட்டிலில் அல்ல, அதற்கு முன்னால் பதப்படுத்தும்போது.

அடுத்த முறை காயின் நுனி மஞ்சளாகும்போது பறியுங்கள், மகரந்தம் சேர்த்து ஒன்பது, பத்து மாதம் ஆகியிருக்கும். 63 முதல் 65 டிகிரி சூட்டு வெந்நீரில் 3 நிமிடம் முக்கி எடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், நொதி அங்கேயும் செத்துவிடும். சூடு ஆறும் முன் கம்பளியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள், மறுநாள் காய் பழுப்பாகியிருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு வாரம் தினமும் சில மணி நேரம் வெயில் காட்டி, சூட்டோடேயே கம்பளியில் சுற்றி உள்ளே எடுக்க வேண்டும். பிறகு நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு என்பதால் வெயில் கிடைக்கும் நாளைப் பார்த்துத் தொடங்குங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் பூஞ்சைதான்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: கரைப்பான் வலுவாக இருந்தால் வேகமாகப் பிரித்தெடுக்கும். 95 சதவீத எத்தனால் கிடைத்தால் வாரக்கணக்கில் முடித்துவிடலாமே?

வெனிலின் மட்டும் போதுமென்றால் சரி சார். ஆனால் காயில் தண்ணீரில் கரையும் பொருட்களும் உண்டு, அவை பின்தங்கிவிடும். பிசின் மட்டும் அதிகமாக ஏறி, கேக் மாவில் ஊற்றும்போது கலங்கித் திரியும். 35க்குக் குறையாமல், 40ஐ ஒட்டி இருப்பதுதான் நல்லது. இங்கே கடையில் கிடைக்கும் 42.8 சதவீதச் சரக்கு அப்படியே பொருந்தும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக அல்ல, படிப்பவர்களுக்காக: மருந்துக்கடை ஸ்பிரிட், பெயிண்ட் கடை ஸ்பிரிட், ஊர்ச் சாராயம் எதுவும் கூடாது. மெத்தனால் இருந்தால் கண்ணும் உயிரும் போகும். வேகப்படுத்த அடுப்பில் வைப்பதும் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும்.

மார்த்தாண்டம், பேக்கரி நடத்துபவர்: ரம்தான் சிறந்தது. வோட்காவில் போட்டது எதுவும் எனக்குப் பிடித்ததில்லை.

உங்கள் கடை பிளம் கேக்குக்கு ரம் பொருந்தும், மறுக்கவில்லை. ரம்மின் வெல்ல மணம் வெனிலாவின் குறையை மூடிவிடும் என்பது என் சந்தேகம். காய் எப்படி என்று தெரிய வேண்டுமானால் வோட்காவில்தான் தெரியும். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விட்டுவிடுவோம்.

திருவட்டார், இல்லத்தரசி: நான் கடையில் வாங்கிய வெனிலா எசன்ஸை ஒரு வருஷம் அலமாரியில் வைத்தேன். இன்னும் நன்றாக வருமா?

வராதம்மா. கடை எசன்ஸ் பெரும்பாலும் செயற்கை வெனிலின் கலந்த திரவம். அதில் காய் இல்லை, இனிமேல் இறங்க எதுவும் இல்லை. தேதி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கருங்கல்லிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் சாராயம் உள்ளே வரவே கூடாது. வேறு வழி?

உண்ணத்தகுந்த கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பங்கு, காய் அதே அளவு. மணம் மென்மையாக இருக்கும், சாராயத்துக்கு ஈடாகாது.

தக்கலை அக்காவே: கடைசியாக ஒன்று. புதிதாக வாங்கின காயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சையா?

வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது காயிலிருந்து வெளிவந்த வெனிலின், அதிர்ஷ்டம். பஞ்சு போல மங்கலாக இருந்து, நனைந்த சாக்கு மணம் வந்தால் அந்தக் காயைத் தூக்கி எறியுங்கள். கழுவிப் போடலாம் என்று யோசிக்கவே வேண்டாம். பாட்டிலுக்குள் போன பிறகும் காய்த் துண்டு ஒன்றும் சாராயத்துக்கு மேலே துருத்தி நிற்கக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்கட்டும், வாரம் ஒரு முறை குலுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.