பிளாஸ்க், டிபன் டப்பா: சூடு எந்த வழியாகப் போகிறது?

பதில் சொல்பவர்: ஊட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்

கோத்தகிரி: அண்ணா, ஸ்டீல் பிளாஸ்கில் காலையில் ஊற்றின டீ பத்து மணிக்கே வெதுவெதுன்னு ஆயிடுது. மூடி ரப்பரை மாத்தினா சரியாகுமா?

ரப்பர் வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கொதிநீர் நிரப்பி மூடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கம் முழுக்க உள்ளங்கையால் தடவுங்கள். கழுத்தருகே லேசாகச் சுட்டால் கவலை வேண்டாம், உள்சுவரும் வெளிச்சுவரும் சேரும் இடம் அதுதான். நடுவிலோ அடியிலோ சுட்டால் இரண்டு சுவர்களுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் காற்று புகுந்துவிட்டது. அந்த வெற்றிடம் போனபின் ரப்பர் மாற்றிப் பயனில்லை, கடையிலும் சரிசெய்ய முடியாது. கீழே விழுந்து அடிப்பக்கம் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். உடம்பு குளிர்ந்தே இருந்தால் மட்டும் மூடியைச் சந்தேகப்படலாம்.

குன்னூர்: பையனுக்குக் கொஞ்சம் சாம்பார்தான் கட்டித் தரேன். டப்பா புதுசு, மதியம் ஆறிப்போகுது. ஏமாத்திட்டாங்களா?

டப்பா மேல் பழி போடாதீர்கள் அக்கா, அளவுதான் காரணம். நம்ம மலையில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும், அதனால் ஆரம்பமே குறைவு. உள்சுவர் 100 கிராம் எஃகு, காலைக் குளிரில் 12 டிகிரி என்று வையுங்கள். அதில் 300 மில்லி ஊற்றினால் 3 டிகிரி இறங்கும். 100 மில்லி மட்டும் ஊற்றினால் எட்டு டிகிரிக்கு மேல் அந்த நிமிஷமே போய்விடும். அதனால் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். முடிந்தால் சின்ன டப்பாவாக வாங்கி நிரப்பிக் கொடுங்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே ஸ்டீல் என்றால் பெரும்பாலும் நடுவில் நுரைதான் இருக்கும். அது வெற்றிடம் அளவுக்குத் தாங்காது.

கூடலூர்: காந்தம் ஒட்டலேன்னா நல்ல ஸ்டீல். நான் அப்படித்தான் வாங்குவேன்.

பாதி சரி. 304 ரக எஃகில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கல் குறைத்து மாங்கனீஸ் கூட்டிய மலிவான 201 எஃகிலும் ஒட்டாது. நல்ல 304கூட வளைத்து இழுத்த இடத்தில் லேசாக ஒட்டும். உள்ளே 304 அல்லது 316 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். உப்பும் புளியும் சேர்ந்த ரசத்தை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் 201இல் பழுப்புப் புள்ளி சீக்கிரம் வரும். நகத்தில் நெருடினால் அது கறை இல்லை, குழி. பிளீச்சிங் போட்டுக் கழுவினால் 304உம் கெடும். உப்புக்கு அதிகம் தாங்குவது 316.

கொடைக்கானல்: எங்க அப்பா காலத்துக் கண்ணாடி பிளாஸ்க் இன்னும் ஓடுது. ஸ்டீலில் காப்பி ருசியே மாறுது.

கண்ணாடிக்குத் துரு கிடையாது, வாசனையும் ஏறாது. உள்பக்கத்து வெள்ளிப்பூச்சு சூட்டைத் திருப்பி அனுப்பும். ஒரு தட்டில் உடைந்துவிடும் என்பதுதான் குறை, பள்ளிப் பைக்கு ஆகாது. ருசியை என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. பழைய பால்வாசனை ரப்பர் வளையத்தில் தங்கியிருக்கலாம், அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்.

கோத்தகிரி: அண்ணா, தடவிப் பார்த்தேன். அடியில் சுடுது.

அப்போ அந்த பிளாஸ்க் இனி தண்ணீர் பாட்டில்தான். பால் ஊற்றி வைக்காதீர்கள், இளஞ்சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும்.