மார்ச் 31 சேல்ஸ் கட்-ஆஃப்: இன்வாய்ஸ் தேதிய பாத்து டிக் போடாதீங்க

கேள்வி: சார், நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கேன், கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி ஆடிட். மார்ச் கடைசி அஞ்சு பில், ஏப்ரல் முதல் அஞ்சு பில் எடுத்து கட்-ஆஃப் பாருன்னு சீனியர் சொன்னார். எல்லா தேதியும் லெட்ஜரோட மேட்ச் ஆகுது, ஆனா இதுல நான் என்னத்த கண்டுபிடிச்சேன்னே புரியல. கொஞ்சம் சரக்கு ஏப்ரல்லதான் கஸ்டமருக்கு போய் சேந்திருக்கு, கேட்டா "ஜிஎஸ்டி பில் மார்ச்ல போட்டு டேக்ஸும் கட்டிட்டோம், அப்புறம் மார்ச் சேல்ஸ்தானே"ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: சேல்ஸ் சரியான வருஷத்துல விழுந்திருக்கான்னு பாக்கறதுதான் கட்-ஆஃப், நீங்க பண்ணது அந்த டெஸ்ட் இல்லீங்க. அந்த பில்லுல இருந்துதான் லெட்ஜருக்கே தேதி போகுது, அப்புறம் ரெண்டும் மேட்ச் ஆகாம வேற என்ன ஆகும். அந்த பில் தேதி சரியாங்கறதுதான் இங்க கேள்வியே, அதனால பில்லுக்கு வெளிய இருக்கற, முடிஞ்சா க்ளையன்ட்டோட அக்கவுன்ட்ஸ் ஆளுங்க கைபடாத ஒரு பேப்பர்ல இருந்து தேதி எடுக்கணும்.

முதல்ல அந்த ஜிஎஸ்டி வாதத்த முடிச்சிடுவோம். ஜிஎஸ்டி சட்டத்துல செக்‌ஷன் 31 படி சரக்கு அனுப்பி குடுக்கற சப்ளைன்னா குடோன விட்டு கெளம்பறப்பவே, இல்ல அதுக்கு முன்னாடியே பில் போட்டாகணும். அதனால அவங்க மார்ச்ல பில் போட்டதும் டேக்ஸ் கட்டுனதும் சரிதான், தப்பே இல்ல. ஆனா புக்ஸ்ல வருமானம் எப்ப வரும்ங்கறத அந்த சட்டம் சொல்லாது. இன்ட் ஏஎஸ் ஃபாலோ பண்ற கம்பெனின்னா இன்ட் ஏஎஸ் 115 படி சரக்கு மேல கன்ட்ரோல் எப்ப கஸ்டமர்கிட்ட போச்சுன்னு பாக்கணும், பழைய ஏஎஸ் 9 தான்னா ரிஸ்க்கும் ரிவார்டும் எப்ப மாறுச்சுன்னு பாக்கணும். சாதாரண பம்ப் விக்கற கம்பெனிக்கு பெரும்பாலும் ரெண்டுலயும் ஒரே பதில்தான் வரும், அந்த பதில் இருக்கறது பர்ச்சேஸ் ஆர்டர்ல. எக்ஸ்-வொர்க்ஸா, அதாவது விக்கறவர் கேட்லயே பொறுப்பு கஸ்டமருக்கு போயிடுதா, இல்ல எஃப்ஓஆர் டெஸ்டினேஷனா, அதாவது கஸ்டமர் எடத்துக்கு போய் சேர்ற வரைக்கும் விக்கறவர் பொறுப்பான்னு பாருங்க. லாரி ரசீதுல டூ-பே, பெய்டுன்னு போட்டிருக்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, வாடகை யார் குடுத்தாங்கறது ஒரு க்ளூ அவ்ளோதான். வழியில சரக்கு உடஞ்சா யார் நஷ்டம், ட்ரான்சிட் இன்ஷூரன்ஸ் யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க, அது இன்னும் தெளிவா சொல்லும்.

ஒரு உதாரணம் போட்டு பாக்கலாம். மார்ச் 30 தேதில ஒரு பில், நாக்பூர் டீலருக்கு, ஜிஎஸ்டி இல்லாம 18,40,000 ரூபாய், எஃப்ஓஆர் நாக்பூர். கேட் ரெஜிஸ்டர்ல வண்டி வெளிய போனது மார்ச் 31 ராத்திரி, லாரி ரசீதும் அதே தேதி, டீலர் சீல் வச்சு கையெழுத்து போட்ட டெலிவரி காப்பில ஏப்ரல் 4. மார்ச் 31 ராத்திரி பன்னெண்டு மணிக்கு அந்த சரக்கு ரோட்டுல இருக்கு, கவுந்தா நஷ்டம் உங்க க்ளையன்ட்டுக்கு. அப்ப இது ஏப்ரல் சேல்ஸ். சேல்ஸ்ல இருந்தும் டெட்டார்ஸ்ல இருந்தும் 18,40,000 குறையணும், அதோட நிறுத்திடாதீங்க, நெறய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, அந்த பம்புங்களோட காஸ்ட் 14,20,000ன்னு வச்சுக்கோங்க, அது ஃபினிஷ்டு குட்ஸ் இன் ட்ரான்சிட்னு க்ளோசிங் ஸ்டாக்ல ஏறணும். ஆக லாபத்துல அடி 4,20,000 தான், 18 லட்சம் இல்ல. கட்டுன ஜிஎஸ்டிய தொட வேண்டாம், மார்ச் ரிட்டர்ன் அப்படியே நிக்கும், ஜிஎஸ்டி டர்ன்ஓவருக்கும் புக்ஸ் டர்ன்ஓவருக்கும் வர்ற வித்தியாசத்த வருஷாந்திர ரிட்டர்ன் பண்றப்ப ரீகன்சிலியேஷன்ல காட்டிக்குவாங்க.

இதே தேதி இதே ரூட், ஆனா ஆர்டர் எக்ஸ்-வொர்க்ஸ், டீலரே வண்டி அனுப்பி மார்ச் 31 சாயங்காலம் லோடு ஏத்திட்டு போய்ட்டார்னா அது சுத்தமான மார்ச் சேல்ஸ், நாக்பூர் எப்ப போச்சுங்கற கவலையே வேண்டாம். அதனால ஏப்ரல்ல டெலிவரி ஆனதெல்லாம் தப்புன்னு மொத்தமா லிஸ்ட் போட்டு சீனியர்கிட்ட நீட்டிடாதீங்க. எக்ஸ்போர்ட் இருந்தா ஷிப்பிங் பில் தேதியயோ கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் தேதியயோ எடுக்காதீங்க, எஃப்ஓபியோ சிஐஎஃப்போ, பொதுவா பில் ஆஃப் லேடிங்ல கப்பல்ல ஏத்துனதா போட்டிருக்கற தேதிதான் முக்கியம். தூத்துக்குடி போர்ட்ல மார்ச் 29ல கஸ்டம்ஸ் முடிஞ்சு ஏப்ரல் 1ல கப்பல் ஏறுன கன்டெய்னர் ஏப்ரல் சேல்ஸ்தான்.

இப்ப கொஞ்சம் வில்லங்கமான ஐட்டம். பில் மார்ச் 31, கேட் ரெஜிஸ்டர்ல வண்டி போனது ஏப்ரல் 2. கேட்டா "சரக்கு பேக் பண்ணி ரெடியா இருந்துச்சு சார், வண்டி வரல"ம்பாங்க. வண்டி வரலங்கறது க்ளையன்ட்டோட பிரச்சினை, கஸ்டமர் கேட்டது இல்ல. கஸ்டமரே "என் குடோன்ல எடமில்ல, நீங்களே வச்சிருங்க"ன்னு எழுத்துல கேட்டிருந்தா, அந்த சரக்க அவர் பேர் போட்டு தனியா பிரிச்சு வச்சிருந்தா, அனுப்ப ரெடியா இருந்தா, வேற யாருக்கும் தூக்கி குடுக்க முடியாதுன்னா, அப்ப மட்டும்தான் பில்-அண்ட்-ஹோல்டுன்னு பேசவே ஆரம்பிக்கலாம். இந்த மாதிரி கேஸ்ல உடனே ஸ்டாக் கவுன்ட் ஷீட்ட எடுங்க. மார்ச் 31 எண்ணிக்கையில அந்த பம்புங்களும் சேந்து எண்ணப்பட்டிருந்தா, ஒரே சரக்கு டெட்டார்ஸ்லயும் இருக்கு ஸ்டாக்லயும் இருக்கு. இங்க ஏற்கனவே ஸ்டாக்ல இருக்கறதால சேல்ஸ மட்டும் ரிவர்ஸ் பண்ணா போதும், ஆனா லாபத்துல மொத்த பில் தொகையும் போயிடும், முன்னாடி சொன்ன கேஸ் மாதிரி மார்ஜின் மட்டும் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் புரிஞ்சாலே பாதி கட்-ஆஃப் புரிஞ்ச மாதிரி.

ஏப்ரல்ல போட்ட பில்லுக்கே மார்ச் தேதி போட்டாங்களான்னு எப்படி தெரியும்னா, இ-இன்வாய்ஸ் போடற கம்பெனின்னா வேலை சுலபம். பிரின்ட்ல ஐஆர்என்னு போர்ட்டல் குடுக்கற நம்பருக்கு பக்கத்துல Ack Date ன்னு ஒன்னு இருக்கும், அது போர்ட்டல் போடற தேதி, க்ளையன்ட் சிஸ்டத்துல மாத்த முடியாது. பில் தேதி மார்ச் 31, Ack Date ஏப்ரல் 4ன்னு இருந்தா அங்கயே நின்னு கேள்வி கேளுங்க. அதே மாதிரி இ-வே பில்லுல பார்ட்-பில வண்டி நம்பருக்கு நேரா Entered Date இருக்கும், எப்ப வண்டி நம்பர் போட்டாங்கன்னு நேரத்தோட தெரியும். வண்டி நம்பரே ஏப்ரல் 2தான் ஏறுச்சுன்னா மார்ச் 31 எப்படிங்க கெளம்பியிருக்கும். இ-இன்வாய்ஸ் இல்லாத சின்ன கம்பெனின்னா அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் லாக் பாருங்க, கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம், வவுச்சர் எப்ப உருவாச்சுன்னு அதுல தெரியும்.

டெலிவரி காப்பி இல்லன்னு கை விரிச்சா விட்ராதீங்க. லாரி கம்பெனி ஏப்ரல்ல வாடகை பில் அனுப்புவாங்க, அதோட பெரும்பாலும் சீல் வச்ச காப்பிய சேத்துதான் அனுப்புவாங்க, ஏன்னா அது இல்லாம அவங்களுக்கு பேமென்ட் கெடைக்காது. அக்கவுன்ட்ஸ்ல இல்லன்னா ட்ரான்ஸ்போர்ட் பில் ஃபைல்ல இருக்கும், நீங்களே போய் ஃபைல பிரிங்க. பெரிய கஸ்டமர்னா சரக்கு வாங்குன ரசீது அவங்க போர்ட்டல்லயே இருக்கும்.

அப்புறம் அந்த அஞ்சு அஞ்சு பில் கதை. அஞ்சுங்கறதுக்கு எந்த கணக்கும் கெடையாது, போன வருஷ ஃபைல்ல இருந்து காப்பி ஆகி வந்திருக்கும். எத்தன நாள் பாக்கணும்ங்கறத சரக்கு போய் சேர ஆகற நேரம்தான் சொல்லணும். வட இந்தியாவுக்கு ஏழெட்டு நாள் ஆகுதுன்னா மார்ச் 22, 23ல இருந்தே பாத்தாகணும், பொள்ளாச்சிக்கு போறதுக்கு கடைசி ரெண்டு நாள் போதும். எஃப்ஓஆர் கஸ்டமருங்க கொஞ்ச பேர்தான்னா சாம்பிளே வேண்டாம், கேட் ரெஜிஸ்டர்ல கடைசி பத்து நாள்ல அவங்களுக்கு போன அத்தன வண்டியையும் எடுத்து டெலிவரி தேதி போட்டுடுங்க, ஒரு மத்தியான வேலை.

பில்லுல ஆரம்பிச்சு கேட்டுக்கு போனா அதிகமா காட்டுன சேல்ஸ் மட்டும்தான் மாட்டும். கேட் ரெஜிஸ்டர்ல ஆரம்பிச்சு பில்லுக்கும் வாங்க. மார்ச் 28 டெலிவரி சலான்ல சரக்கு வெளிய போயிருக்கும், ஏப்ரல் 3 பில் போட்டிருப்பாங்க, லாபத்த அடுத்த வருஷத்துக்கு தள்ளணும்னு நெனக்கற ஓனர்கிட்ட இது சகஜம். இந்த சரக்கு ஸ்டாக் கவுன்ட்லயும் இருக்காது, சேல்ஸ்லயும் இருக்காது, நீங்க பில்லுல இருந்து மட்டும் தேடுனா ஜென்மத்துக்கும் கெடைக்காது. செக்யூரிட்டி ரூம்ல இருக்கற கையெழுத்து நோட்டுதான் இதுக்கு பெஸ்ட், அந்த வாட்ச்மேனுக்கு டார்கெட்டும் இல்ல டேக்ஸும் இல்ல. ஸ்டாக் எண்ணறப்ப நீங்க அங்க இருந்தா கடைசி பில் நம்பர், கடைசி கேட் பாஸ் நம்பர், கடைசி சலான் நம்பர் மூணையும் அன்னைக்கே குறிச்சுட்டு வந்துடுங்க.

ஏப்ரல், மே கிரெடிட் நோட்டையும் ஒரு தடவ பொரட்டுங்க. மார்ச் 29 பில்லுக்கு ஏப்ரல் 12ல ஃபுல் ரிட்டர்ன், அதே ஏப்ரல்ல திரும்பவும் அதே டீலருக்கு அதே அயிட்டம் பில்லுன்னா பேங்க்குக்கு டர்ன்ஓவர் காட்டறதுக்காக சரக்க அனுப்பி திருப்பி எடுத்த வாசனை அடிக்குது, அத கட்-ஆஃப்னு மட்டும் எழுதாம சீனியர்கிட்ட தனியா சொல்லுங்க.

கடைசியா, க்ளையன்ட் "நாங்க வருஷா வருஷம் இப்படித்தான் பண்றோம், போன மார்ச்சும் இதேதான், ரெண்டும் கழிஞ்சுடும்"னு ஒரு வாதம் வைப்பாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. போன மார்ச்ல இதே மாதிரி ஏப்ரல்ல போய் சேந்த சரக்கோட மார்ஜின் 3,50,000ன்னா, அது இந்த வருஷம் வந்திருக்க வேண்டிய லாபம், அதனால இந்த வருஷ லாபத்துல நெட் எஃபெக்ட் 70,000 தான். ஆனா பேலன்ஸ் ஷீட்ல அப்படி எதுவும் கழியாது, டெட்டார்ஸ் 18,40,000 கூடவும் ஸ்டாக் 14,20,000 கம்மியாவும்தான் நிக்கும், எவ்ளோ கடன் எடுக்கலாம்னு பேங்க் போடற ட்ராயிங் பவர் கணக்கே அந்த ரெண்டையும் வச்சுத்தான். அதனால ஒர்க்கிங் பேப்பர்ல லாபத்துக்கு ஒரு கட்டம், டெட்டார்ஸ் ஸ்டாக்குக்கு தனி கட்டம், போன வருஷ எஃபெக்ட்டுக்கு ஒரு கட்டம்னு போட்டு, க்ளையன்ட் திருத்த மாட்டேன்னாலும் திருத்தாத தப்புங்க லிஸ்ட்ல ஏத்தி குடுங்க, மெட்டீரியலா இல்லையான்னு பார்ட்னர் முடிவு பண்ணிக்குவார்.