பதிவு ஒரு கணக்கு, வருகை ஒரு கணக்கு

கேள்வி: ஒருநாள் கருத்தரங்கு முடிந்தது. படிவத்தில் பதிந்தவர்களும் மேசையில் கையெழுத்துப் போட்டவர்களும் ஒட்டவே இல்லை. இரண்டையும் கழித்து ‘வராதவர்கள்’ என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

வேண்டாம். பதியாமல் நேரே வந்தவர்களும் அந்தக் கையெழுத்துகளில் இருப்பார்கள். கழித்தால் அவர்கள் பின்னால் வராதவர்கள் ஒளிந்துகொள்வார்கள்.

பாம்பன் பக்கம் கடற்பாசி பற்றிய ஒரு கருத்தரங்கில் நான் பதிவு மேசை பார்த்தேன். படிவத்தில் 240 வரிகள். அதில் இரட்டைப் பதிவு 12, வரவில்லை என்று முன்பே சொன்னவர்கள் 8. ஆக, எதிர்பார்த்தது 220 பேர். கையெழுத்து 190. கழித்தால் 30தான். ஆனால் ஆள் ஆளாக ஒப்பிட்டபோது, பதிந்தவர்களில் வந்தது 151 பேர். வராதவர்கள் 69, நேரே வந்தவர்கள் 39.

ஒப்பிடுவதற்குக் கைபேசி எண்தான் வசதி. ஒருவர் +91 போடுவார், ஒருவர் நடுவில் இடம் விடுவார். அதனால் முதலில் இரண்டு பட்டியலிலும் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
```

ஆனால் எண்ணை மட்டும் நம்பி இரட்டைப் பதிவை நீக்காதீர்கள். மகளிர் குழுத் தலைவி தன் ஒரே எண்ணில் பத்துப் பேரைப் பதிந்திருப்பார். நீக்கினால் ஒன்பது பேர் காணாமல் போவார்கள். எண்ணும் பெயரும் சேர்ந்து ஒத்தால்தான் இரட்டை. ஒரே பெயரைத் தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியிருப்பார்கள் என்பதால் பெயரைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

அறிக்கையை அதிகம் கெடுப்பது ஆள் மாற்றம். “அக்கா பாசி எடுக்கப் போயிட்டாங்க, அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்” என்று ஒருவர் வந்து நிற்பார். அக்கா வராதவர் கணக்கில் ஏறுவார், இவர் நேரே வந்தவர் கணக்கில் ஏறுவார். ஒரே இருக்கை இரண்டு இடத்தில் தப்பாக விழும். எங்கள் பதிவேட்டில் ‘யாருக்குப் பதில்’ என்று ஒரு கட்டம் இருந்ததால் அப்படி 14 பேர் தெரிந்தார்கள். அவர்களைத் தனியே பிரித்ததும் வராதவர்கள் 55, உண்மையிலேயே நேரே வந்தவர்கள் 25. சரிபார்க்க: 220 − 55 + 25 = 190. வராதோர் விகிதம் 31 சதவீதத்திலிருந்து 25க்கு இறங்கியது.

நேரே வந்தவர்களுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். பலத்த காற்றால் படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாளில் மீனவர்கள் கூடுதலாக வருவார்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த கூட்டத்துக்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், சாப்பாட்டு இலைக் கணக்கை வாங்கி வைத்துப் பாருங்கள். எங்களுக்கு 205 இலை. தன்னார்வலர்களும் ஓட்டுநர்களுமாக 15 பேரைக் கழித்தால் 190 சரியாக வந்தது. உங்களுக்கு அது கையெழுத்துகளைவிடக் கூடுதலாக நின்றால், மேசைக்கு வராமல் பக்கவாசல் வழியாக யாராவது உள்ளே போயிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.