வயலுக்கு மெஷினா, மெஷினுக்கு வயலா?

கேள்வி: கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, நெல் வெட்டும் மெஷினைக் கமக்காரர் போனிலேயே பதிவு செய்யும் செயலி ஒன்றை நடத்துகிறோம். ஏக்கருக்கு 300 ரூபா கமக்காரரிடம் எடுக்கிறோம். போன காலபோகத்தில் 64 பேர் பதிந்தார்கள். சிறுபோகத்தில் அவர்களில் 5 பேர்தான் திரும்பி வந்தார்கள். ஆனால் மெஷின்காரர்கள் "அடுத்த வயல் எங்கே?" என்று விடாமல் கேட்கிறார்கள். விளம்பரத்தைக் கூட்டுவதா, தொழிலையே மாற்றுவதா?

பதில்: 64இல் 5 என்றதும் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் இரணைமடுவின் கீழ் சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் விதைப்பது என்பதைக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். விதைக்காதவர் மெஷின் கேட்க மாட்டார். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுமுன் அந்த 64 பேரையும் அழைத்து, "விதைத்தீர்களா? யார் வெட்டினது?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். செயலி பிடித்ததா என்று கேட்டால் நம்மூர் ஆக்கள் முகம் கோணாமல் "நல்லது தம்பி" என்றுதான் சொல்வார்கள். அது எதற்கும் உதவாது.

நீங்கள் அனுப்பிய கணக்கின்படி 38 பேர் விதைக்கவில்லை. விதைத்த 26 பேரில் 5 பேர் உங்களிடம் வந்தார்கள், 4 பேர் வேறு மெஷின் பிடித்தார்கள். மிச்சம் 17 பேரும் காலபோகத்தில் நீங்கள் அனுப்பிய அதே மெஷின்காரரை நேரே அழைத்திருக்கிறார்கள். சான்று என்றால் இந்த 17தான். உங்கள் சேவையில் அவர்களுக்குக் குறை இல்லை. போன் நம்பர் கைக்கு வந்ததோடு உங்களிடம் வாங்க வேண்டியதை அவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். விளம்பரத்தால் இன்னும் 200 பேரைக் கொண்டு வந்தாலும் அடுத்த போகத்தில் அவர்களும் இதே வழியில்தான் போவார்கள்.

சரி, மெஷின்காரர் பக்கம் பார்ப்போம். ஏழு பேர் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பது இலவசம் என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒருவர் மட்டும், வயல்களைத் தொடர்ச்சியாகப் பிடித்துத் தந்தால் ஏக்கருக்கு 500 ரூபா தருவேன் என்று தானாகவே விலை சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார்? வயல்கள் அடுத்தடுத்து இருந்தால் ஒரு நாளில் 8 ஏக்கர் வெட்டும் அவருடைய மெஷின், சிதறிக் கிடந்தால் 5 ஏக்கரோடு நின்றுவிடுகிறது. ரப்பர் சங்கிலியில் ஓடும் மெஷினை ஊர்விட்டு ஊர் ரோட்டில் ஓட்ட முடியாது, லொறியில் ஏற்றி இறக்க வேண்டும். நேரம் எல்லாம் அதிலேயே போகிறது. டீசலும் கூலியும் போக ஏக்கருக்கு 4,000 ரூபா நிற்கிறது என்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், கூடுதலான 3 ஏக்கருக்கு 12,000 ரூபா. உங்களுக்கு 8 ஏக்கருக்கும் 4,000 கொடுத்தாலும் அவர் கையில் 8,000 மிஞ்சும். கமக்காரருக்கு ஒரு போகத்தில் ஒரு நாள் வரும் தேவை, மெஷின்காரருக்கு அறுவடை முடியும்வரை தினமும் வருகிறது.

ஆகவே மாற்றலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். பதிவின்போது விதைத்த திகதியையும், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? எந்த வாய்க்காலில் எந்தக் கிழமை நெல் முற்றும் என்பதை அதிலிருந்தே போட்டுவிடலாம். விற்கப் போவது அந்த ஒழுங்கைத்தான். கமக்காரருக்குப் பதிவை இலவசமாக்கிவிடுங்கள். விடுபட்ட வயல்களைக் கமக்கார அமைப்பின் செயலாளரோடு இருந்து நிரப்புங்கள். ஒரே வாய்க்காலில் ஒருவர் பத்து நாள் பிந்தி விதைத்திருந்தால் அவர் வயலைத் தனியாகக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கு முழுவதும் குழம்பும்.

வருகிற மாசி அறுவடையில் மூன்று மெஷின்காரர், இரண்டு ஊர், இரண்டு கிழமை என்று சோதித்துப் பாருங்கள். ஆளுக்கு 10,000 ரூபா முற்பணம் வாங்குங்கள். வெட்டிய ஏக்கருக்கு மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் மழை பெய்து வயல் சேறானால் மெஷின் இறங்காது, உங்கள் அட்டவணையும் குழம்பிவிடும். முற்பணம் என்றதும் மூவரில் இருவர் பின்வாங்கினாலோ, வெட்டு நாளொன்றுக்கு 7 ஏக்கரை எட்டாவிட்டாலோ இந்த யோசனையும் சரியில்லை. இந்த எண்களை இப்போதே எழுதி, செயலி நடத்தும் நீங்கள் மூவரும் கையெழுத்து வையுங்கள். அறுவடை முடிந்தபின் எழுதினால், வந்த கணக்குக்கு ஏற்றமாதிரி எல்லையை நகர்த்துவீர்கள். நானும் ஒருமுறை அப்படி நகர்த்தி ஒரு வருடத்தைத் தொலைத்தவன்.

இன்னொன்று, கமக்காரர் செய்ததை மெஷின்காரரும் செய்யலாம். ஒரு ஊரில் ஒருமுறை வெட்டியவர் அடுத்த போகத்தில் செயலாளரையே நேரே அழைப்பார். ஒரே ஊருக்கு ஒழுங்கு கொடுத்தால் அது நடக்கும். பரந்தன் முடிகிற நாளில் கண்டாவளையில் எந்த வாய்க்கால் தயார் என்பதை எந்தச் செயலாளராலும் சொல்ல முடியாது. இரண்டு ஊர் என்று நான் சொன்னது அதற்காகத்தான்.