ஒரே மாதிரி பந்து, ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட்?

“ரெண்டு எல்பிடபிள்யூ ரிவ்யூவிலும் பந்து லெக் ஸ்டம்பை உரசுற மாதிரிதான் காட்டினாங்க. ஒருத்தர் அவுட், இன்னொருத்தர் நாட் அவுட். எப்படி?”

களத்தில் அம்பயர் முதலில் என்ன சொன்னாரோ அதுதான் வித்தியாசம். முதல் ஆளுக்கு விரலைத் தூக்கியிருப்பார், இரண்டாவது ஆளுக்குத் தூக்கியிருக்க மாட்டார்.

பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி மட்டும் ஸ்டம்பில் படும் என்று திரை காட்டினால் அது அம்பயர்ஸ் கால். பேடில் பட்ட பிறகு பந்து போகும் பாதை வெறும் கணிப்புதானே, அதனால் ஓரத்து உரசலை வைத்து அவர் முடிவை மாற்றுவதில்லை. பந்தின் குறுக்களவு சுமார் 7.2 செ.மீ. அதில் 3 செ.மீ. ஸ்டம்பில் பட்டாலும் பாதியைத் தொடவில்லை, பழைய முடிவே நிற்கும். 4 செ.மீ. பட்டால், திரையில் வரும் ‘பிட்சிங்’, ‘இம்பாக்ட்’ என்ற மற்ற இரண்டு கட்டமும் சிவப்பாக இருக்கும்பட்சத்தில், நாட் அவுட் அவுட்டாக மாறும்.

அடுத்த முறை ‘விக்கெட்ஸ்’ கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். பலர் தவறவிடுவது ‘இம்பாக்ட்’. பேடில் பட்ட இடத்துக்கும் இதே பாதிக் கணக்கு உண்டு. ‘பிட்சிங்’குக்கு மட்டும் அம்பயர்ஸ் கால் கிடையாது, லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் நேராக நாட் அவுட்.

இன்னொன்று, பேட்ஸ்மேன் ஷாட் ஆட முயலவே இல்லை என்றால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டாலும் அவுட் கொடுக்கலாம். அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ கேட்ட அணிக்கு அது கழியாது.