சுவர் கனமானால் சத்தம் எவ்வளவு குறையும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் 4.5 இஞ்ச் செங்கல் சுவர். ஓட்டை, விரிசல் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே சத்தம் போட்டுப் பேசினால் இங்கே கேட்கிறது. கெட்டியான சுவருக்குள் சத்தம் எப்படி நுழைகிறது? (மதுரை)

நுழைவதில்லை. அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரை அசைக்கிறது. அசையும் சுவர் உங்கள் பக்கத்துக் காற்றை அசைக்கிறது. நீங்கள் கேட்பது சுவர் எழுப்பும் சத்தம்.

கணக்காகவே பார்க்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் 94 டெசிபல் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். யாரோ பக்கத்தில் நின்று உரக்கக் கத்தும் அளவு இது. காற்றழுத்தமாகச் சொன்னால் 1 பாஸ்கல். கனமான சுவரில் மோதித் திரும்பும்போது அழுத்தம் இரட்டிப்பாகி, சுவரின் மேல் 2 பாஸ்கல் ஆகிறது. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 200 கிராம் எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது, உடனே இழுக்கிறது. 500 ஹெர்ட்ஸ் சத்தமாக இருந்தால் ஒரு நொடியில் 500 தடவை.

இருபுறமும் பூசிய 4.5 இஞ்ச் சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 265 கிலோ இருக்கும். இவ்வளவு கனத்தை அந்தச் சிறு விசை நகர்த்தத் தொடங்குவதற்குள் திசை மாறிவிடுகிறது. சுமை ஏற்றிய தள்ளுவண்டியைக் கண் இமைக்கும் நேரம் தள்ளி, அதே வேகத்தில் பின்னால் இழுத்தால் அது எவ்வளவு நகரும்? அப்படித்தான். சுவரின் அசைவு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அந்த அசைவு உங்கள் பக்கத்தில் உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 34 டெசிபல். 94-இல் 60 போய்விட்டது. இப்படிக் குறையும் அளவைத்தான் ஒலிக் கடத்தல் இழப்பு என்கிறோம்.

இது சத்தம் நேராக வந்து மோதும்போது. அறையில் அது எல்லாக் கோணங்களிலிருந்தும் மோதும் என்பதால் சுமார் 5 டெசிபல் கழிய வேண்டும். அப்போது, சுவரின் கனத்தை வைத்துத் தடுப்பைக் கணக்கிடும் நிறை விதி இப்படி வரும்:

```
R = 20 log10(f × m) − 47
```

இதில் R டெசிபலில் ஒலிக் கடத்தல் இழப்பு, f ஹெர்ட்ஸில் அதிர்வெண், m சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. 500, 265 என்று போட்டால் 55 டெசிபல். நிஜச் சுவர் இதையும் எட்டாது. எல்லா அதிர்வெண்களையும் சேர்த்து மதிப்பிட்டால் 45 அளவில்தான் நிற்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். 45 இருந்தால் சாதாரணப் பேச்சு முணுமுணுப்பாகத்தான் வரும். குரல் உயர்ந்தால் கேட்கும். சாதாரணப் பேச்சே வார்த்தை வார்த்தையாகப் புரிந்தால் சுவரைச் சந்தேகிக்காதீர்கள். இருபக்கமும் முதுகோடு முதுகாகப் பதித்த ஸ்விட்ச் பாக்ஸ்களையும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பூசாமல் விட்ட பகுதியையும் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வீடு கட்டுகிறோம். 4.5 இஞ்சுக்குப் பதில் 9 இஞ்ச் வைத்தால் சத்தம் பாதியாகுமா? 8 இஞ்ச் ஏஏசி பிளாக் போதும் என்கிறார் மேஸ்திரி. (கோவை)

கனம் இரட்டித்தால் சுவர் அசையும் வேகம் பாதியாகும், அதனால் மறுபக்க அழுத்தமும் பாதியாகும். அது 6 டெசிபல். பூச்சு இரண்டு சுவருக்கும் ஒன்றேதான் என்பதால் 9 இஞ்ச் சுவர் 530 கிலோ வராது, 485 அளவில் நிற்கும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது 5 டெசிபல். நன்றாகவே தெரியும் வித்தியாசம்தான். ஆனால் காதுக்குப் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். இன்னொரு 5 வேண்டுமென்றால் 18 இஞ்ச் கட்ட வேண்டும். அதை யாரும் கட்டப் போவதில்லை. முதல் இரட்டிப்புக்குச் செலவழிக்கலாம், அதற்கு மேல் கனத்தை நம்பி லாபமில்லை என்பது என் கருத்து.

ஏஏசி விஷயத்தில் மேஸ்திரி தடிமனைப் பார்க்கிறார். சத்தத்துக்குத் தடிமன் தெரியாது, கனம்தான் தெரியும். கன மீட்டருக்கு 600 கிலோ உள்ள ஏஏசி பிளாக்கில் 8 இஞ்ச் சுவர், பூச்சோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 165 கிலோ அளவில் வரும். நிறை விதிப்படி இது 4.5 இஞ்ச் செங்கல் சுவரைவிட 4 டெசிபல் குறைவு. வெயிலைத் தடுக்க ஏஏசி நல்லது. படுக்கையறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே செங்கல்லே இருக்கட்டும்.

கேள்வி: தெருமுனை மண்டபத்தில் பாட்டு போட்டால் வீட்டுக்குள் 'டும் டும்' மட்டும்தான் கேட்கிறது. பாட்டு எங்கே போகிறது? (தஞ்சாவூர்)

அதே விதியில் f இருக்கிறதே, அதுதான் காரணம். அதிர்வெண் பாதியானால் சுவரைத் தள்ள இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது, தடுப்பு 6 டெசிபல் குறைகிறது. 500 ஹெர்ட்ஸிலிருந்து 63-க்கு வந்தால் மூன்று தடவை பாதியாகிறது, அதாவது 18 டெசிபல் போச்சு. பாடகர் குரலைத் தடுக்கும் சுவர் சப்வூஃபரின் அடியை விட்டுவிடுகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. முன்னே கணக்கைவிட நிஜச் சுவர் குறைவாகத் தடுக்கிறது என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். நிறை விதி சுவரைத் தளர்வான ஒரு கனமாக மட்டும் பார்க்கிறது. நிஜச் சுவருக்கு விறைப்பு உண்டு, அதன் மேல் வளைவு அலைகள் ஓடும். சாய்வாக வரும் ஒலியலை சுவரின் மேல் தடம் பதித்தபடி ஓடுகிறது. அந்தத் தடத்தின் வேகமும் வளைவு அலையின் வேகமும் ஒன்றானால் சுவர் எதிர்ப்பில்லாமல் ஆடும், தடுப்பு சரியும். 1942-இல் ஜெர்மன் ஒலியியலாளர் லோதார் கிரெமர் விளக்கிய விஷயம் இது. 4.5 இஞ்ச் செங்கல் சுவருக்கு இது 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தொடங்குகிறது; தவிலின், ஆண்குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. 6 மி.மீ. ஜன்னல் கண்ணாடிக்கு 2,000 ஹெர்ட்ஸ். கண்ணாடியை 12 மி.மீ. ஆக்கினால் கனம் கூடும், ஆனால் பலவீனம் 1,000-க்கு இறங்கிப் பேச்சின் நடுவில் வந்து உட்காரும். ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலம் அந்த ஆட்டத்தை அடக்கும்.

கேள்வி: சுவரில் ஃபோம் ஷீட் அல்லது முட்டை அட்டை ஒட்டினால்? (சேலம்)

பக்கத்து வீட்டுச் சத்தம் குறையாது. ஒரு சதுர மீட்டர் ஃபோம் ஒன்றிரண்டு கிலோ. 265 கிலோவோடு அதைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது? உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்க ஃபோம் உதவும். அது வேறு வேலை.

கேள்வி: வீட்டில் வயலின் வகுப்பு நடத்துகிறேன். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவரை 9 இஞ்ச் ஆக்கலாமா? அதில் ஒரு ஃப்ளஷ் டோர் இருக்கிறது. (யாழ்ப்பாணம்)

வேண்டாம். சுவரும் கதவுமாக மொத்தம் 10 சதுர மீட்டர், அதில் கதவு 2 என்று கொள்வோம். சுவர் 45 டெசிபல் தடுக்கிறது, சாதாரணக் கதவு 20. இரண்டு வழியாகவும் வரும் ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத் தடுப்பு 27 டெசிபல்தான். சுவரை 50 ஆக்கினாலும் அதே 27. வருவதெல்லாம் கதவு வழியாகத்தான் வருகிறது.

கதவிலும் முதலில் கீழ் இடைவெளியைக் கவனியுங்கள். 90 செ.மீ. அகலக் கதவுக்கு அடியில் 1 செ.மீ. திறப்பு இருந்தால், மற்ற எல்லாமே பரிபூரணமாக இருந்தாலும் இந்தத் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது. ஆகவே கட்டையடைத்த கனமான கதவு, நான்கு பக்கமும் ரப்பர் பீடிங், கீழே இறங்கி அடைக்கும் சீல் என்று செலவழியுங்கள். மாட்டிய பிறகு இரவில் ஹால் விளக்கை அணைத்து, அறை விளக்கை மட்டும் எரியவிட்டு, ஹாலில் நின்று கதவைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு அப்புறம் சுவரைப் பற்றி யோசிக்கலாம்.