குக்கருக்கு வெயிட் போட்டதும்

அன்புள்ள அக்காவுக்கு,
இரண்டு பிள்ளைகள். எட்டரைக்கு நானும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஐந்தரைக்கு நடைப்பயிற்சி என்று மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் பத்து நாளில் நின்றுபோனது. தினமும் செய்கிற வேலையோடு உடற்பயிற்சியைச் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள். எதோடு, எப்படிச் சேர்ப்பது?
– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் ஐந்தரை மணி போய்விடும். ஆனால் அன்றைக்கும் கஞ்சிக்காவது குக்கர் அடுப்பில் ஏறும். அதனால் குக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'சமைக்கும்போது செய்வேன்' என்று வைத்தால் நடக்காது. சமையல் ஒரு மணி நேரம் நீளும், எப்போது தொடங்குவது என்று தெரியாது. ஒரு வேலை முடிந்து கை காலியாகும் இடம் வேண்டும். ஆவி வந்து, வெயிட்டைப் போடுகிறீர்களே, அந்த இடம். அடுப்புக்குத் தள்ளி, மேடை விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றுங்கள். இரண்டடி பின்னால் போய், உடம்பு வளையாமல் நெஞ்சை மேடை வரை இறக்கித் தள்ளி எழுங்கள். ஐந்து முறை. அப்புறம் நாற்காலியில் உட்காரப்போவது போல இடுப்பை இறக்கி எழுவது, ஐந்து. முட்டி வலித்தால் நிஜமாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுங்கள். தரை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். முதல் விசிலுக்குள் முடிந்துவிடும்.

பால் காய்ச்சும் நேரம் வேண்டாம், கண் அதிலேயே இருக்க வேண்டும். நான் முதலில் பிள்ளைகளின் பள்ளி வேன் கிளம்புவதோடு சேர்த்திருந்தேன். நன்றாகத்தான் போனது, மே மாத விடுமுறை வரும்வரை. ஜூனில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையிலும் நடக்கிற வேலைதானா என்று முதலிலேயே பாருங்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு புதுப் பழக்கம் ஒன்றை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். யோசிக்காமல் செய்யும் நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 250ஐயும் தாண்டும் என்று கணக்கு. தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய இழப்பு இல்லை. பத்து நாளில் நீங்கள் நிறுத்தியது அதற்கு ரொம்ப முன்னாலேயே.

இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். சாப்பிட உட்காரும்போதுதான் 'அடடா, மறந்துட்டேனே' என்று தோன்றினால் பிடித்த இடம் சரியில்லை, வேறு வேலைக்கு மாற்றுங்கள். ஞாபகம் வந்தும் மனம் வரவில்லை என்றால் இடம் சரி, அளவுதான் அதிகம். ஐந்தை இரண்டாக்குங்கள்.

வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேடையில் செய்வது அதற்கு ஈடாகாது, நடையும் வேண்டும். இது தானாக நடக்க ஆரம்பித்த பிறகு, இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் பிள்ளைகளோடு தெருமுனை வரை போய் வாருங்கள்.